வழிச்சரக்கும் ஆண்டிறுதி இருப்புக் கணக்கும்

ஆண்டிறுதியில் கிடங்கில் எண்ணப்படும் சரக்கும் ஒரு நிறுவனத்துக்கு உரிய சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கப்பலிலோ துறைமுகத்திலோ இருக்கும் சரக்கை யார் கணக்கில் சேர்ப்பது என்பதை விற்பனை ஒப்பந்தமே முடிவு செய்கிறது.

இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, இரு தரப்பினரும் கருதிய நேரத்தில் உடைமை மாறுகிறது (பிரிவு 19). வேறு உடன்பாடு இல்லையெனில் உடைமையோடு இடரும் வாங்குபவரைச் சேரும் (பிரிவு 26). ஏற்றுமதி வணிகத்தில் பெரும்பாலும் அந்த வேறு உடன்பாடு உண்டு. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். ஆகிய இரண்டிலும், ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறியதும் இடர் வாங்குபவருக்குப் போகிறது. டி.ஏ.பி. முறையில் சரக்கு சேருமிடத்தை அடையும் வரை இடர் விற்பவருடையதே. இந்த இன்கோடெர்ம்ஸ் விதிகள் உடைமை மாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இதனால் இடரும் உடைமையும் பிரியக்கூடும். பணம் வரும்வரை கப்பல் ரசீதை விற்பவர் தம் ஆணைக்கே எழுதி வாங்கினால், சரக்கின் மீதான உரிமையை அவர் நிறுத்தி வைத்ததாகவே சட்டம் முதல் நோக்கில் கொள்கிறது (பிரிவு 25). ஆனால் இண்ட் ஏஎஸ் 115 தரம் கட்டுப்பாடு யாரிடம் என்று பார்க்கிறது. பணம் வராமல் போவதற்கு எதிரான காப்பாக மட்டும் வைத்திருக்கும் உடைமை, கட்டுப்பாடு வாங்குபவரிடம் செல்வதைத் தடுக்காது. ஆகவே உடைமைப் பத்திரத்தை மட்டும் நம்பி இருப்பைக் கணக்கிடுவது தவறாகும்.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று மார்ச் 31 அன்று தன் கிடங்கில் ரூ. 80 லட்சம் அடக்கவிலைச் சரக்கை எண்ணியதாகக் கொள்வோம். எஃப்.ஓ.பி. முறையில் விற்ற இரண்டு சரக்குத் தொகுதிகள் தூத்துக்குடிக்குப் போயிருந்தன. ரூ. 12 லட்சம் அடக்கமுள்ள முதல் தொகுதி மார்ச் 29 அன்று கப்பலேறிவிட்டது. ரூ. 9 லட்சம் அடக்கமுள்ள இரண்டாவது முனையத்தில் காத்திருந்து ஏப்ரல் 2 அன்றுதான் ஏறியது. சி.ஐ.எஃப். முறையில் வாங்கிய ரூ. 5 லட்சம் சாயப்பொருள் மார்ச் 20 அன்றே வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு நடுக்கடலில் இருந்தது. முதல் தொகுதி சேராது. மற்ற இரண்டும் சேரும். சரியான இருப்பு ரூ. 94 லட்சம்.

பிழை பெரும்பாலும் விலைப்பட்டியலின் தேதியில் தொடங்குகிறது. இரண்டாவது தொகுதிக்கு மார்ச் 28 அன்றே ரூ. 11 லட்சத்துக்குப் பட்டியல் போட்டு, சரக்கையும் இருப்பிலிருந்து விட்டுவிட்டால், லாபம் ரூ. 2 லட்சம் கூடித் தெரியும். விற்பனையையும் பதிந்து, சரக்கையும் இருப்பில் சேர்த்தால் கூடுதல் ரூ. 11 லட்சமாகும். சாயப்பொருளை இருப்பில் சேர்த்துவிட்டு, கொள்முதலையும் கடனையும் பதியாவிட்டால் லாபம் ரூ. 5 லட்சம் மிகும்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. முறையே ஏற்றது. அதில், குறித்த முனையத்தில் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே இடர் மாறிவிடும். இரண்டாவது தொகுதி அப்படி விற்கப்பட்டு, மார்ச் 31க்குள் ஒப்படைக்கப்பட்டிருந்தால் இருப்பு ரூ. 85 லட்சம்தான்.

எனவே ஆண்டிறுதிக்கு முன்னும் பின்னும் சில நாட்களின் விலைப்பட்டியல்களை, ஒப்பந்த நிபந்தனையோடும் கப்பல் ரசீதில் உள்ள ஏற்றுத் தேதியோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாத இருப்புப் பட்டியல், கிடங்கின் பட்டியலே அன்றி நிறுவனத்தின் பட்டியல் ஆகாது.