பயிற்சி விதியின் வீழ்ச்சி: தார்ண்டைக்கின் மூன்று விதிகளும் தமிழ் எழுத்துக் கற்பித்தலும்

ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என்னும் மூன்று பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பர். இவற்றை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் லீ தார்ண்டைக் என்பதையும் அறிந்திருப்பர். ஆனால் மூன்றில் ஒன்றை அவரே பின்னாளில் கைவிட்டார் என்பது பரவலாக அறியப்படவில்லை. அவர் கைவிட்ட அவ்விதியே நம் வகுப்பறைகளில் இன்றும் மிகுதியாக ஆட்சி செய்கிறது. ஆதலால் இவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

தார்ண்டைக் 1898இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். பசித்த பூனையை மரச்சட்டங்களாலான பெட்டியில் அடைத்து வெளியே உணவை வைத்தார். உள்ளிருந்த கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனை கீறியும் கடித்தும் அலைந்து, தற்செயலாக வளையத்தை இழுத்து வெளியேறியது. ஒரு பூனைக்கு முதன்முறை 160 நொடிகள் ஆயின. இருபது முறைக்குப் பின் பத்து நொடிகளே போதுமானவையாயின. நேரம் திடீரென வீழாமல் ஏறி இறங்கிப் படிப்படியாகக் குறைந்தது. ஆகவே பூனை சிந்தித்துத் தெளிவதில்லை என்றும், தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையேயான இணைப்பே வலுப்பெறுகிறது என்றும் அவர் முடிவு செய்தார்.

இதிலிருந்து எழுந்த கொள்கையை 1913இல் வெளியிட்ட கல்வி உளவியல் நூலில் மூன்று விதிகளாக நிறுவினார். செயலாற்ற ஆயத்தமாக உள்ள இணைப்பு செயற்படுவது நிறைவு தரும். ஆயத்தமில்லாதபோது வலிந்து செயற்படுத்துவது வெறுப்புத் தரும். இது ஆயத்த விதி. இணைப்பு பயன்படுந்தோறும் வலுக்கும், பயன்படாதொழியின் நலியும் என்பது பயிற்சி விதி. நிறைவு தொடரின் இணைப்பு வலுக்கும், துன்பம் தொடரின் நலியும் என்பது விளைவு விதி.

இவற்றுள் பயிற்சி விதியை எல்லா நாட்டு ஆசிரியரும் எளிதில் ஏற்றனர். நம்மவர்க்கு அது புதியதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியும், எண்சுவடியை உரக்க ஓதியும் கற்ற மரபு நம்முடையது. ஆயினும் அங்கே சட்டாம்பிள்ளையோ ஆசிரியரோ அருகிருந்து பிழையை உடனே திருத்தினர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பயிற்சி விதியைத் தார்ண்டைக்கே சோதித்தார். கண்களை மூடிக்கொண்டு நான்கு அங்குல நீளக் கோடு ஒன்றை ஒரே வீச்சில் வரையுமாறு பணித்தார். நாள்கள் பலவற்றில் மொத்தம் 3000 கோடுகள் வரையப்பட்டன. கோடு நீண்டதா, குறைந்ததா என்பது மட்டும் சொல்லப்படவில்லை. முடிவில் கண்ட முன்னேற்றம் ஏதுமில்லை. 1929இல் யேல் பல்கலைக்கழகத்தில் கூடிய பன்னாட்டு உளவியல் மாநாட்டில் தம் முந்தைய கருத்து தவறு என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். 1932இல் நூலாகவும் விளக்கினார். அதே ஆண்டு டிரௌபிரிட்ஜ், கேசன் என்னும் இருவர் மூன்று அங்குலக் கோட்டைக் கொண்டு இதனை மேலும் தெளிவாக்கினர். எதுவும் சொல்லப்படாதவர் முன்னேறவில்லை. சரி, தவறு என்று மட்டும் சொல்லப்பட்டவர் ஓரளவு முன்னேறினர். எவ்வளவு நீண்டது, எவ்வளவு குறைந்தது என்று அளவோடு சொல்லப்பட்டவர் மிக முன்னேறினர்.

விளைவு விதியும் பாதியாயிற்று. ஸ்பானியச் சொல்லொன்றுக்கு ஐந்து ஆங்கிலப் பொருள்களைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்ன சோதனைகளில், 'சரி' என்ற சொல் அத்தெரிவை வலுவாக்கியது. 'தவறு' என்ற சொல் அதே அளவில் நலிவாக்கவில்லை. தார்ண்டைக் கணக்கிட்ட முறையைப் பின்வந்தோர் குறை கூறியதுண்டு. எனினும், தண்டனை பாராட்டின் நேரெதிர் அன்று என்ற கருத்து வகுப்பறைக்குப் பயன்படுவதே. 'தவறு' என்பது எதைச் செய்யலாகாது என்று மட்டும் கூறும். எதைச் செய்ய வேண்டும் என்று கூறாது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். பாசிர் ரிஸ் வட்டாரத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் சொல்வதெழுதுதலில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என எழுதினார் எனக் கொள்வோம். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, இருபது முறை எழுதி வரச் சொல்கிறார். மாணவர் முதலில் 'வா' என்பதை இருபது வரிகளிலும் மேலிருந்து கீழாக எழுதுகிறார். பின் 'ழை', பின் 'ப்', இவ்வாறே தொடர்கிறார். ஏட்டில் இருபது சொற்களும் பிழையின்றி நிற்கின்றன. ஆனால் அவர் அச்சொல்லை ஒருமுறையேனும் எழுதவில்லை. அடுத்த வாரம் 'வாளைப்பளம்' மீண்டும் வருகிறது. பெட்டியும் கோடும் இல்லாத அதே சோதனை இது.

மாற்று எளியது. மாணவர் சொல்லை உற்றுப் பார்க்கட்டும், மூடட்டும், நினைவிலிருந்து முழுச் சொல்லையும் எழுதட்டும், திறந்து ஒப்பிட்டு, வேறுபட்ட எழுத்தைத் தாமே குறிக்கட்டும். அன்று மும்முறை, மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்றால் ஐந்து முறையே ஆகும். ஒவ்வொன்றிலும் நினைவிலிருந்து மீட்டலும் அளவான திருத்தமும் உள்ளன. மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்பதே ஒரு வாரத்திற்குப் பின்னும் நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006இல் காட்டினர். பயிற்சி விதி இவ்வாறு இடைவெளியும் திருத்தமும் கொண்ட பயிற்சியாகவே இன்று உயிர் வாழ்கிறது.

எஞ்சியது ஆயத்தம். இதனைப் பலர் வயதாகப் பொருள் கொண்டனர். ஆறரை ஆண்டு மனவயது வரும்வரை வாசிப்பைத் தள்ளிவைக்கலாம் என்று 1931இல் மார்ஃபெட், வாஷ்பர்ன் இருவரும் கூறினர். 1937இல் கேட்ஸ் என்பார், கற்பிக்கும் முறைக்கேற்ப அவ்வயது மாறும் என்று மறுத்தார். இன்று ஆயத்தம் என்பதை முன்னறிவு என்றே கொள்கிறோம். சிங்கப்பூரில் இது பெரிதும் பொருந்தும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுகின்றனர். தமிழ் பேசும் வீடுகளிலும் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காதில் வேறுபாடு கேளாத குழந்தை, எழுத்தில் அதனைக் காக்க முடியாது. பேச்சுத் தமிழை வகுப்பறையில் முதற்படியாகக் கொள்ள வேண்டும் என்று 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு கூறியதும் இம்முன்னறிவைக் கருதியே எனலாம்.

பிழையின் வடிவமே எவ்விதி தவறியது என்பதைக் காட்டும். பார்த்தெழுதும்போது சரியாகவும் சொல்வதெழுதுதலில் தவறாகவும் வந்தால், மீட்டற்பயிற்சி இல்லை. ஒரே சொல்லில் ஒருநாள் ழகரமும் மறுநாள் ளகரமும் வந்தால், பயிற்சி இடைவெளிகளில் தொடரவில்லை. எங்கும் எப்போதும் ளகரமே வந்தால், கை எழுதிப் பயனில்லை. வாளை–வாழை என்று படங்களைக் காட்டிச் செவிக்கு முதலில் கற்பிக்க வேண்டும். ஏட்டில் நேர்க்குத்தாக அடுக்கப்பட்ட எழுத்துகளைக் கண்டால், தார்ண்டைக் 1929இல் கைவிட்ட விதியை நாம் இன்னும் கைவிடவில்லை என்று அறியலாம்.