‘எஸ்கிரித்தோ’வும் ‘எஸ்கிரித்தா’வும்



போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயினில் இருக்கும் என் பேத்தி வீடியோ காலில் வந்தாள். முகம் வாடியிருந்தது. வகுப்பில் எழுதிய பத்து வரியில் மூன்று இடத்தில் சிவப்பு மை. “ஒரு இடத்தில் ‘ஆ’ போட்டால் தப்பு, இன்னொரு இடத்தில் போடாவிட்டால் தப்பு. இந்த பாஷையே எனக்கு வேண்டாம் தாத்தா” என்றாள். அவளுக்காகவே இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆனாலும் வரலாற்று வாத்தியாராகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் தப்பு: ஜன்னல் உடைந்திருக்கிறது என்பதற்கு ‘லா வெந்தானா எஸ்தா ரோத்தோ’ என்று எழுதிவிட்டாள். நம் மொழியில் உடைந்த ஜன்னல், உடைந்த டம்ளர், உடைந்த ஜன்னல்கள் என எல்லாவற்றுக்கும் ஒரே ‘உடைந்த’தான். ஸ்பானிஷில் அப்படியில்லை. அங்கே ஜன்னல் பெண்பால், அதனால் ‘ரோத்தா’. டம்ளர் ஆண்பால், அதற்கு ‘ரோத்தோ’. பன்மையென்றால் ‘ரோத்தாஸ்’, ‘ரோத்தோஸ்’. இதை உடனே புரிந்துகொண்டாள்.

இரண்டாவதில்தான் அழுகை வந்தது. கடிதமும் பெண்பால்தானே என்று ‘ஏ எஸ்கிரித்தா உனா கார்த்தா’, அதாவது ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன் என்று எழுதினாள். அங்கே ‘எஸ்கிரித்தோ’ என்றுதான் வரவேண்டுமாம். எழுதினது பையனோ பெண்ணோ, கடிதம் ஒன்றோ நூறோ, அது மாறாது.

ஏன் மாறாது? இதற்கு லத்தீனுக்குப் போக வேண்டும். ரோமாபுரிக்காரர்கள் ‘ஹாபெயோ எபிஸ்துலம் ஸ்கிரிப்தம்’ என்று சொன்னால், ‘எழுதி முடித்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது’ என்று பொருள். அங்கே ‘ஹாபெயோ’ உண்மையாகவே கையில் வைத்திருப்பதைச் சொல்லும். ‘எழுதிய’ என்பது கடிதத்தைப் பற்றிய சொல், அதனால் கடிதத்தின் பாலுக்கு ஏற்ப மாறியது. நாளாக ஆக, கையில் இருக்கிறது என்ற பொருள் தேய்ந்து, எழுதுகிற வேலை முடிந்தது என்ற பொருள் மட்டும் நின்றது. ‘ஹாபெயோ’தான் இன்றைய ‘ஏ’. வெறும் துணைவினை ஆகிவிட்டது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. ‘மியோ சித்’ காவியத்தின் காலத்து ஸ்பானிஷில் இந்தச் சொல் சில இடத்தில் பொருளோடு ஒத்துப்போகும், சில இடத்தில் போகாது. 1492-ல் நெப்ரிஹா ஸ்பானிஷுக்கு இலக்கணம் எழுதியபோது, ‘ஏ’யோடு சேரும் இந்த வடிவத்துக்குப் பாலும் இல்லை, எண்ணும் இல்லை என்று கண்டு, அதைத் தனிச் சொல்வகையாகவே பிரித்து வைத்தார். என் பேத்தி எழுதியது பழைய ஸ்பானிஷில் வழங்கியதுதான். சில நூற்றாண்டு தாமதம், அவ்வளவுதான்!

பழைய வழக்கம் முழுவதும் செத்துப்போகவும் இல்லை. ‘வைத்திரு’ என்ற பொருளை இப்போது ‘தெனேர்’ என்ற வினை எடுத்துக்கொண்டது. ‘தெங்கோ எஸ்கிரித்தாஸ் த்ரேஸ் கார்த்தாஸ்’ என்றால் மூன்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன் என்று பொருள். இங்கே ஒத்துப்போக வேண்டும். நாம் ‘எழுதியிருக்கிறேன்’, ‘எழுதி வைத்திருக்கிறேன்’ என்று வேறுபடுத்துகிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. இதைச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, டம்ளரை உடைத்துவிட்டேன் என்பதற்கு ‘ரொம்பிதோ’ என்று எழுதியது. ‘கொமேர்’ (சாப்பிடு) ‘கொமிதோ’ ஆகும்போது ‘ரொம்பேர்’ (உடை) ‘ரொம்பிதோ’ ஆகக் கூடாதா என்பது அவள் வாதம். வாதம் சரி. பழைய ஸ்பானிஷ் நூல்களில் ‘ரொம்பிதோ’வும் உண்டு. ஆனால் நிலைத்தது லத்தீன் ‘ருப்துஸ்’ வழி வந்த ‘ரோத்தோ’. லத்தீனில் ‘ப்த்’ என்று வந்த இடம் ஸ்பானிஷில் ‘த்’ ஆகத் தேயும். ஏழைக் குறிக்கும் ‘ஸெப்தெம்’ ‘சியெத்தே’ ஆனதும், ‘ஸ்கிரிப்துஸ்’ ‘எஸ்கிரித்தோ’ ஆனதும் அதே வழியில்தான். ‘க்த்’ என்று வந்த இடம் ‘ச்ச்’ ஆகும். எட்டைக் குறிக்கும் ‘ஒக்தோ’ ‘ஓச்சோ’ ஆனது போலவே, ‘செய்த’ என்பதற்கு ‘எச்சோ’, ‘சொன்ன’ என்பதற்கு ‘திச்சோ’. தினமும் வாயில் புரளும் சொற்கள் என்பதால் பழைய உருவம் தப்பிப் பிழைத்தது. இதே குடும்பத்தில் ‘இடைமறி’ என்ற பொருள்தரும் ‘இந்தெர்ரும்பீர்’ ஒழுங்காக ‘இந்தெர்ரும்பிதோ’ என்றே போகிறது. அதனால் உறவுமுறையை நம்பி எழுதிவிடக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு வழி சொன்னேன். “பக்கத்தில் ‘ஏ, ஆஸ், ஆ’ என்று ‘ஆபேர்’ வினை துணைக்கு நின்றால் கடைசி எழுத்தைத் தொடாதே, ‘ஓ’வாகவே விடு. மற்ற இடத்தில் யாரைப் பற்றிய சொல் என்று பார்த்து மாற்று.”

நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். ‘தாத்தா, ஏ எஸ்கிரித்தோ தோஸ் கார்த்தாஸ்.’ இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாளாம். பன்மை, பெண்பால், ஆனாலும் ‘எஸ்கிரித்தோ’. சிவப்பு மைக்கு வேலையே இல்லை.