டிக்கெட் தளமா, கூகுள் ஷீட்டா?

சென்னையில் ஒரு சிறு நாடகக் குழு மேடையேற்றம் ஒன்றுக்குத் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கில் 120 பேர் உட்காரலாம். டிக்கெட் 300 ரூபாய், எல்லாருக்கும் ஒரே விலை. இருக்கை எண் கிடையாது, வந்தவர் விரும்பிய இடத்தில் அமரலாம். அரங்கம் நிறைந்தால் வசூல் 36,000 ரூபாய். அரங்க வாடகை, விளக்கு, ஒலி, ஒப்பனை எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். டிக்கெட்டை இணையத் தளம் ஒன்றில் விற்பதா, யுபிஐயில் பணம் வாங்கி கூகுள் ஷீட்டில் குறித்துவைப்பதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

முதலில் கட்டணம். தளம் தன் சேவைக்கு 5 சதவீதமும் பணப் பரிமாற்றத்துக்கு 2 சதவீதமும் எடுக்கிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் இது மாறும். 300 ரூபாய் டிக்கெட்டில் இது 21 ரூபாய். அந்தக் கட்டணத்தின்மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர, 24 ரூபாய் 78 காசு. 120 டிக்கெட்டும் விற்றால் ஏறக்குறைய 2,974 ரூபாய். நாடகம், இசை, நடன நிகழ்ச்சிகளில் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 500 ரூபாய்க்கு மிகாவிட்டால் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. தளத்தின் கட்டணத்துக்கு மட்டும் அது உண்டு. சிறு குழு ஜிஎஸ்டியில் பதிவு செய்திருக்காது என்பதால் அந்த வரியை எங்கும் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது முழுச் செலவாகவே நின்றுவிடுகிறது.

மறுபக்கம், யுபிஐயில் 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் பரிமாற்றக் கட்டணம் வாங்குவதில்லை. பார்வையாளர் 300 ரூபாய் அனுப்பினால் 300 ரூபாயும் குழுவின் கணக்கில் சேரும். கூகுள் ஷீட்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவோடு நிறுத்தினால் முடிவு எளிது. ஆனால் ஷீட்டின் கட்டணம் ரூபாயில் வராது, நேரத்தில் வரும். ஒரு முன்பதிவில் சராசரி இரண்டு டிக்கெட் என்றால் 120 இருக்கைக்கு 60 முன்பதிவுகள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி, பணம் வந்ததா என்று பார்த்து, ஷீட்டில் எழுதி, உறுதிச் செய்தி அனுப்ப ஐந்து நிமிடம் என்று வைத்தால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஒத்திகை நடக்கும் வாரத்தில் அந்த ஐந்து மணி நேரத்தை யார் தருவார் என்பதைத்தான் குழு கேட்டுக்கொள்ள வேண்டும். நடிக்கிறவரோ இயக்குகிறவரோ அந்த வேலையைச் செய்வதாக இருந்தால் 2,974 ரூபாய் மலிவு. மேடைக்கு வெளியே இருக்கும் உறுப்பினர் ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொண்டால் அது வீண் செலவு.

என் பார்வையில், கட்டணத்தைவிடப் பெரிய வேறுபாடு பணம் கைக்கு வரும் நாளில் இருக்கிறது. பல தளங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகே வசூலை அமைப்பாளர் கணக்குக்கு அனுப்புகின்றன. நிகழ்ச்சி நடக்காமல் போனால் பார்வையாளருக்குத் திருப்பித் தரவேண்டியிருக்கும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். ஆனால் அரங்க வாடகையின் முன்பணமும் விளக்குக்காரருக்குத் தரும் அட்வான்ஸும் நிகழ்ச்சிக்கு முன்பே போகவேண்டியவை. பாதி டிக்கெட் விற்ற நிலையிலும் குழு தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க நேரும். யுபிஐயில் வந்த பணம் அன்றே கணக்கில் இருக்கும். தளத்தின் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது சதவீதத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியது, பணம் எப்போது வரும் என்பதைத்தான்.

இனி ஷீட்டின் பலவீனத்துக்கு வருகிறேன். பதிவுகளை வாங்க ஷீட்டோடு கூகுள் ஃபார்ம் ஒன்றை இணைத்தாலும், அதற்கு அரங்கில் எத்தனை இருக்கை என்று தெரியாது. நாமே நிறுத்தாவிட்டால் 120 முடிந்த பிறகும் அது பதிவை வாங்கிக்கொண்டே இருக்கும். தளம் இந்த இடத்தில் அமைதியாக ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. ஒருவர் இரண்டு டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததும் அந்த இரண்டையும் சில நிமிடங்களுக்கு மற்றவர் கண்ணிலிருந்து மறைத்து வைக்கிறது. பணம் வந்தால் விற்பனை. நேரம் கடந்தால் இருக்கை மீண்டும் பொதுவுக்கு வந்துவிடும். ஷீட்டில் இந்தக் கடிகாரம் இல்லை. “ரெண்டு டிக்கெட் எடுத்து வைங்க சார், நைட் ஜிபே பண்ணிடறேன்” என்று சொல்லும் நண்பர்தான் இருக்கிறார். அவர் அனுப்பவும் செய்யலாம், மறக்கவும் செய்யலாம்.

ஆகவே ஷீட்டில் நிலை என்று ஒரு பத்தி இருந்தே ஆகவேண்டும். அதில் மூன்று சொற்களுக்கு மட்டும் இடம்: உறுதி, காத்திருப்பு, ரத்து. டிக்கெட் எண்ணிக்கை D பத்தியிலும் நிலை F பத்தியிலும் இருந்தால், மீதி இருக்கையை இப்படிக் கணக்கிடலாம்:

```
=120-SUMIF(F:F,"உறுதி",D:D)-SUMIF(F:F,"காத்திருப்பு",D:D)
```

காத்திருப்பையும் கழிப்பது முக்கியம். பணம் வந்தவர்களை மட்டும் கழித்தால், நண்பருக்காக எடுத்துவைத்த இருக்கையை இன்னொருவருக்கு விற்றுவிடுவோம். காத்திருப்பு 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று குழு முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. சொற்களைக் கையால் தட்டச்சு செய்ய விடாமல் கீழிறங்கு பட்டியலாக வைக்கவேண்டும். ‘உறுதி’ என்பதற்கு ஒருவர் ‘உறுதியானது’ என்று எழுதிவிட்டால் சூத்திரம் அதை எண்ணாது. மீதி இருக்கை கூடுதலாகத் தெரியும், அது யார் கண்ணிலும் படாது.

அடுத்த பலவீனம், பணம் வந்ததை உறுதிசெய்வது. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போலியாகச் செய்வது எளிது, ஒரே படத்தை இருவர் அனுப்புவதும் நடக்கும். யுபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. கூகுள் பேயில் அது UPI transaction ID என்ற பெயரில் தெரியும். அதன் அருகிலேயே Google transaction ID என்று இன்னொன்றும் இருப்பதால் பலர் தவறானதை நகல் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 12 இலக்க எண்ணைத்தான் கேட்டு வாங்கவேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த எண்ணைப் பார்த்த பிறகே ‘உறுதி’ என்று மாற்றவேண்டும். எண்கள் E பத்தியில் இருந்தால், கீழே உள்ள விதியை நிறம் மாற்றும் நிபந்தனையாக வைக்கலாம். ஒரே எண் இரண்டு முறை வந்தால் உடனே தெரிந்துவிடும்:

```
=COUNTIF(E:E,E2)>1
```

ஷீட்டின் இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். குழுவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கும்படி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பார்வையாளர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்தவை. திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

வாசலில் என்ன நடக்கிறது? தளம் அனுப்பிய க்யூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் ஆள் உள்ளே போய்விடுவார். ஷீட்டில் பெயரைத் தேடவேண்டும். நம் ஊரில் பெயர் தேடுவது சிரமம். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, செந்தில் என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதியிருப்பார், கணவர் பெயரிலா மனைவி பெயரிலா பதிவு என்று வரிசை நின்றுவிடும். கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் தனிப் பத்தியில் எடுத்து, அந்த வரிசையில் அடுக்கி அச்சிட்டு வைத்துக்கொண்டால் 60 முன்பதிவுகளை ஒருவரே சமாளிக்கலாம். 300 பேர் அரங்கம் என்றால் இந்த முறை திணறும். அங்கே ஸ்கேன் செய்வதே சரி.

நிகழ்ச்சி ரத்தானால் இரண்டு முறையுமே வலிக்கும். தளத்தில் பொத்தான் ஒன்றில் எல்லாருக்கும் பணம் திரும்பலாம், ஆனால் எடுத்த கட்டணத்தை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அது அமைப்பாளர் தலையில் விழும் ஒப்பந்தங்களும் உண்டு. ஷீட்டில் கட்டணம் எதுவும் இழப்பில்லை, ஆனால் 60 பேருக்கும் தனித்தனியாக அனுப்பவேண்டும். பல வங்கிகள் ஒரு நாளில் 20 யுபிஐ பரிமாற்றங்களோடு நிறுத்திவிடுவதால் அது மூன்று நாள் வேலை. டிசம்பர் மழையில் நிகழ்ச்சி வைப்பவர் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைத் தாண்டி, எது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்தால் நான் முதலில் நினைப்பது பார்வையாளர் பட்டியலைத்தான். இந்த நாடகத்துக்கு முன்பதிவு செய்த 60 பேர்தான் அடுத்த நாடகத்தின் முதல் பார்வையாளர்கள். அவர்களின் எண் குழுவிடம் இருந்தால் (அவர்கள் சம்மதத்தோடு) அடுத்த அழைப்பு நேராகப் போகும். தளத்தில் விற்றால் அந்த விவரம் முழுதாகக் கிடைக்குமா, பதிவிறக்கம் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும். தளங்கள் கை மாறவும் செய்யும். சென்னையில் தொடங்கிய டிக்கெட்நியூ 2018இல் பேடிஎம்மிடம் போனது. 2024இல் பேடிஎம் தன் டிக்கெட் வணிகத்தை, இன்சைடரையும் சேர்த்து, 2,048 கோடி ரூபாய்க்கு ஜொமேட்டோவுக்கு விற்றது. அந்த டிக்கெட் விற்பனை பின்னர் ஜொமேட்டோவின் டிஸ்ட்ரிக்ட் செயலிக்கு நகர்ந்தது. சிறு அமைப்பாளரிடம் யாரும் கேட்டுச் செய்யும் மாற்றங்கள் அல்ல இவை. பழைய பட்டியல் தன் கையில் இருந்தவருக்கு இதனால் பெரிய தொல்லையில்லை.

தளத்தில் போட்டால் புதியவர்கள் வருவார்கள் என்பது தளத்தின் பெரிய வாக்குறுதி. திரைப்படம், பெரிய இசை நிகழ்ச்சி என்றால் அது உண்மை. பெயர் தெரியாத குழுவின் முதல் நாடகத்துக்குத் தளத்தின் முகப்பில் இடம் கிடைப்பது அரிது. பெரும்பாலான டிக்கெட்டுகள் குழுவின் வாட்ஸ்அப் வழியாகவே விற்கும். தன் நண்பர்களுக்கு விற்கவே தளத்துக்குக் கட்டணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருக்கை எண் இருந்தாலோ, இரண்டு மூன்று விலை இருந்தாலோ, நாலைந்து பேர் விற்றாலோ நான் தயங்காமல் தளத்துக்கே போகச் சொல்வேன். அங்கே ஷீட்டில் தவறு வருவது உறுதி.

நம் 120 இருக்கைக் குழுவுக்கு நான் சொல்வது: 80 இருக்கை ஷீட்டுக்கு, 40 தளத்துக்கு. தெரிந்தவர்கள் யுபிஐயில் வரட்டும், தெரியாதவர்களுக்குத் தளத்தின் வாசல் திறந்திருக்கட்டும். 40ம் விற்றால் கட்டணம் 991 ரூபாய். ஒரே 120ஐ இரண்டு இடத்திலும் காட்டி, விற்க விற்கக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத ஒரு மணி நேரம் வரும், அப்போதுதான் கடைசி இருக்கை இரண்டு பேருக்கு விற்கும். தனித்தனி ஒதுக்கீடு என்றால் சூத்திரத்தில் 120 இருந்த இடத்தில் 80 என்று எழுதினால் போதும், தளத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை தளத்தில் 15 மீதி இருந்தால், முதலில் அங்கே விற்பனையை மூடவேண்டும். மூடிய பின் ஒரு முறை எண்ணிக்கையைச் சரிபார்க்கவேண்டும், பணம் கட்டும் நடுவில் யாராவது இருந்திருக்கலாம். அதன் பிறகும் 15 மீதி இருந்தால்தான் ஷீட்டில் 80ஐ 95 ஆக்கவேண்டும்.