குஷ் அரசு

எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானின் நைல் கரையில் இருந்த நூபிய அரசு. கி.மு. 1500 வாக்கில் எகிப்து இப்பகுதியை வென்று, நபட்டாவில் அமுன் தெய்வத்துக்குக் கோயில் எழுப்பியது. எகிப்தியர் விலகிய பிறகும் அவ்வழிபாடு நிலைத்தது. கி.மு. 728 வாக்கில் குஷ் மன்னர் பியே எகிப்தை வென்றபோது, அமுனின் ஆணையால் வந்ததாகவே கல்வெட்டில் பொறித்தார். பழைய மரபைக் காக்க வந்தவராகவே அவர் தம்மைக் கருதினார். அவர் மரபினர் எகிப்தின் 25ஆம் அரசமரபாக ஆண்டனர். அசீரியப் படையெடுப்புகளால் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுவில் எகிப்து கைநழுவியது.

பின்னர் தலைநகரான மெரோவேயில் இன்றும் இரும்புக் கசடு மேடுகள் நிற்கின்றன. அருகிலுள்ள குன்றுகளின் இரும்புக்கல்லையும் கருவேல மரக்கரியையும் உலையிலிட்டுத் துருத்தியால் ஊதினர். அந்த வெப்பத்தில் இரும்பு உருகி ஓடாது. கசடே உருகி வடியும். எஞ்சும் துளைகள் நிறைந்த இரும்புக் கட்டியைச் சுடச்சுட அடித்து, உள்ளே சிக்கிய கசடை நீக்கினர். காற்று குறைந்தால் கசடு வடியாமல் இரும்போடு கெட்டிப்படும். ஆகவே ஓடி வழிந்த தடமுள்ள கசடு, உலை நன்கு எரிந்ததற்குச் சான்று. அசீரியரிடம் தோற்ற பின்னரே குஷ் இரும்பைக் கற்றது என்பது பழைய கருத்து. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரையக் கடல் பெரிப்ளஸ்' மெரோவேயையும், முசிறியையும் குறிப்பிடுகிறது.