குரல் வந்த வழி

2023 ஏப்ரல் மூன்றாவது வாரத்தில், அரை நிமிடம்கூட ஓடாத ஓர் ஒலிப்பதிவு தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், தன் கட்சித் தலைமையின் குடும்பத்தார் சேர்த்த பணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவதுபோல் அது இருந்தது. மங்கலான பதிவு, இரைச்சலும் அதிகம். புனைந்து தயாரித்தது என்று அமைச்சர் மறுத்தார். ஏப்ரல் 25 அன்று, அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை இரண்டாவது பதிவை வெளியிட்டார். அது ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவு, ஒலியும் தெளிவு. அமைச்சர் அதையும் மறுத்தார்.

அந்த வாரம் எல்லோரும் கேட்ட கேள்வி, “இது அவர் குரல்தானா?” என்பது. நான் கேட்க விரும்புவது வேறு. அந்தக் கோப்பு எங்கே பிறந்தது, எந்தெந்தக் கருவிகளின் வழியாக நம் காதுக்கு வந்தது, வரும் வழியில் எதையெல்லாம் இழந்தது? போலிக் குரலைக் கண்டுபிடிப்பதன் கஷ்டம் பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கிறது.

ஒரு பேச்சு கைப்பேசியின் ஒலிவாங்கியில் விழும்போது குரல் மட்டும் விழுவதில்லை. அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, மின்விசிறி, வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சு, நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் சிறு சத்தம் எல்லாமே பதிவாகின்றன. இயந்திரம் செய்த குரலில் தடயம் தேடுபவர்கள் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். எழுத்தைப் பேச்சாக்கும் நிரல், கடைசிக் கட்டத்தில் ஒலி அலையைப் புதிதாக வரைந்து எடுக்கிறது. அப்படி வரையும்போது, முக்கியமாக உயர்ந்த அதிர்வெண்களில், மனிதத் தொண்டை விடாத மெல்லிய வடு விழுகிறது. காதுக்குக் கேட்காது, கணினிக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பதிவு பயணப்படுகிறது. வாட்ஸ்அப் குரல் செய்தி ‘ஓபஸ்’ என்ற முறையில் சுருக்கப்படுகிறது. மனிதக் காது கவனிக்காதவற்றைத் தூக்கிப் போட்டு, பேச்சு புரியத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வதுதான் சுருக்கத்தின் வேலை. வடு இருந்த இடமே முதலில் போகிறது. யாரோ ஒருவர் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இன்னொரு கைப்பேசியில் பதிந்தால் இரண்டாவது அறையின் எதிரொலி மேலே ஏறிக்கொள்கிறது. இன்னொருவர் அதைப் படத்தோடு ஒட்டிக் காணொளியாக்குகிறார், சமூக ஊடகத் தளம் அதை மறுபடி சுருக்குகிறது. இந்த ஒவ்வொரு கட்டமும் போலியின் வடுவை அழிக்கும். உண்மையான பதிவின் மூச்சையும் சேர்த்தே அழிக்கும். கடைசியில் கிடைக்கும் கோப்பு, உண்மையாக இருந்தாலும் இயந்திரத்தனமாக ஒலிக்கலாம். போலியாக இருந்தால் தடயமே இல்லாமல் போகலாம்.

அமைச்சரின் முதல் பதிவில் எழுந்ததும் இதுபோன்ற சிக்கல்தான். ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்’ இதழ் இரண்டு பதிவுகளையும் ‘விட்னஸ்’ என்ற மனித உரிமை அமைப்பு நடத்தும் போலிப் பதிவு ஆய்வுக் குழுவிடம் கொடுத்து, முடிவை 2023 ஜூலையில் வெளியிட்டது. இரண்டாவது பதிவு உண்மையானதாகவே தெரிகிறது என்று, தனித்தனியே சோதித்த ஆய்வாளர்கள் கூறினார்கள். முதல் பதிவில் அவர்களுக்குள் கருத்து ஒன்றவில்லை. குறைந்த நேரம், மோசமான ஒலி, எங்கே யார் பதிந்தது என்ற தகவலே இல்லாத கோப்பு. உலகின் தேர்ந்த ஆய்வாளர்களால், கருவிகள் அதிகம் பழகிய ஆங்கிலத்தில், ஊடகங்களிலும் மேடைகளிலும் ஏராளமாகப் பேசிய ஒருவரின் குரலை வைத்துக்கொண்டும் அந்த அரை நிமிடத்தை முடிவுகட்ட முடியவில்லை. இதற்கிடையே மே மாதம் அமைச்சரின் துறை மாறியது. விசாரணை கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. முதல் பதிவு எப்படி உருவானது என்பதற்குப் பொதுவெளியில் இன்றும் உறுதியான விடை இல்லை.

கருவிகளின் இந்தத் தடுமாற்றம் ஆய்வுலகம் அளந்து வைத்திருக்கும் ஒன்று. போலிக் குரலைப் பிரித்தறியும் நிரல்களுக்காக ‘ஏஎஸ்விஸ்பூஃப்’ என்ற பன்னாட்டுப் போட்டி 2015 முதல் நடக்கிறது. 2021 போட்டியில், இணையத்தில் சுற்றும் பதிவுகள்போல் பலவகையில் சுருக்கிய ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிடம் பெற்ற நிரலின் பிழை 15 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது, அது நூறு போலிகளில் பதினைந்தை உண்மை என்று விட்டுவிடும். நூறு உண்மைகளில் பதினைந்தைப் போலி என்று பிடிக்கும்.

பதினைந்து என்றால் பரவாயில்லையே என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு வரும் 1,000 குரல் செய்திகளில் 20 போலி என்று கொள்வோம். கருவி 17 போலிகளைப் பிடிக்கும், 3 தப்பிவிடும். மீதி 980 உண்மைச் செய்திகளில் 147-ஐயும் போலி என்று சொல்லும். சிவப்பு விளக்கு மொத்தம் 164 முறை எரிகிறது, அதில் 17 முறைதான் உண்மையில் ஆபத்து. அம்மாவும் மேலாளரும் அனுப்பிய நல்ல செய்திகளுக்கே பெரும்பாலும் மணி அடிக்கும் கருவியை யார்தான் ஒரு வாரத்துக்கு மேல் நம்புவார்கள்? ‘92 சதவீதம் போலி’ என்று ஒரு செயலி திரையில் காட்டும்போது, அந்த எண் அதற்குப் பழக்கிய ஒலிகளுக்குப் பொருந்துவது. அந்த ஒலிகளில் ஆங்கிலமும் சீனமும்தான் அதிகம். கும்மிடிப்பூண்டித் தமிழ் அங்கே கிடையாது.

அங்கேயே ஒரு செய்தியை இறக்கிப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில். மாலை ஆறு மணிக்குக் கணக்காளரின் கைப்பேசியில் முதலாளியின் குரலில் 19 விநாடிச் செய்தி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண் புதிது, முகப்பில் மட்டும் முதலாளியின் படம். “தம்பி, நான் மீட்டிங்ல இருக்கேன், போன் பண்ணாத. ஸ்கிராப் லாரிக்காரருக்கு அட்வான்ஸ் போட்டு விட்டுடு. புது அக்கவுண்ட் நம்பர் அனுப்புறேன்.”

கணக்காளர் முதலில் காதால் சோதிப்பார். முதலாளி ஊர்க்காரர் என்றால் அவர் பேச்சில் ‘வந்துனு இருக்கேன்’, ‘பாத்துனு போடு’ என்று வரும். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் நடுவே ஒரு தெலுங்குச் சொல்லும் விழும். எழுத்துத் தமிழில் பழகிய நிரல் அந்த இடத்தில் ‘வந்துகொண்டு’ என்று இடறலாம், வாக்கியங்களை ஒரே தாளத்தில் வாசிக்கலாம், ழகரத்தை அளவுக்கு மீறித் திருத்தமாக உருட்டலாம். இவை கிடைத்தால் சந்தேகப்பட நல்ல காரணங்கள். ஆனால் கிடைக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. ஏனென்றால் குரல் களவில் இன்னொரு வழியும் உண்டு. மோசடிக்காரர் தானே ஒலிவாங்கியில் பேசுவார், நிரல் அவர் குரலின் நிறத்தை மட்டும் முதலாளியின் நிறமாக மாற்றும். மூச்சும் தயக்கமும் வட்டார வழக்கும் அப்போது நிஜ மனிதருடையவை. 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் செயற்கை நுண்ணறிவால் மீட்கப்பட்டதைக் கேட்டவர்களுக்கு, தமிழிலும் குரலின் நிறத்தை எடுத்து இன்னொரு பாட்டில் வைக்கலாம் என்று தெரிந்திருக்கும். அங்கே குடும்பத்தின் ஒப்புதல் இருந்தது.

காதின் திறமையையும் அளந்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023-இல் 529 பேரைச் சோதித்தபோது, போலிப் பேச்சை அவர்கள் கண்டுகொண்டது 73 சதவீதம்தான். முன்கூட்டியே போலி எடுத்துக்காட்டுகளைக் கேட்கவைத்துப் பழக்கியும் பெரிய முன்னேற்றமில்லை. அதுவும் போலி இருக்கலாம் என்று தெரிந்தே கேட்டவர்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் அவசரமாகக் கேட்கும் கணக்காளருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை.

அடுத்தது பின்னணி. மில்லுக்குள்ளிருந்து பேசினால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் மடங்குகளும் பதிவில் ஏறும். தடயவியலில் இந்த ரீங்காரம் பயனுள்ள சாட்சி: நடுவில் அது சட்டென முறிந்தால் அந்த இடத்தில் பதிவு வெட்டி ஒட்டப்பட்டிருக்கலாம். ஆனால் இன்றைய கைப்பேசிகள் பின்னணி இரைச்சலைத் தாமே அடக்குகின்றன, குரலுக்குக் கீழுள்ள தாழ்ந்த அதிர்வுகளும் சுருக்கும்போது பெரும்பாலும் போய்விடுகின்றன. ஆகவே உலையின் சத்தம் கேட்கவில்லை என்பதற்காகச் செய்தி போலி ஆகாது. சத்தம் கேட்கிறது என்பதற்காக உண்மையும் ஆகாது. ஆலைச் சத்தத்தைப் பின்னால் ஓடவிடுவது சிரமமே இல்லை. குரலில் உள்ள குறையை மூடவும் அது உதவும்.

ஆக, கணக்காளருக்குக் குரலைவிட அது வந்த வழியே அதிகம் சொல்கிறது. செய்தியின் மேல் ‘Forwarded’ என்ற அடையாளம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பிலேயே அழுத்திப் பிடித்துப் பேசியதா, வெளியிலிருந்து ஒலிக்கோப்பாக இணைத்ததா? ஆண்ட்ராய்டில் முதல் வகை `PTT-` என்று தொடங்கும் பெயரிலும் இரண்டாவது வகை `AUD-` என்று தொடங்கும் பெயரிலும் பொதுவாகச் சேமிக்கப்படும். இதையும் ஏமாற்றலாம்தான்: இன்னொரு கருவியில் ஓடவிட்டு வாட்ஸ்அப்பில் பேசியதுபோல் பதியலாம். ஆனாலும், மீட்டிங்கில் இருந்தபடி பேசியதாகச் சொல்லும் செய்தி இணைப்புக் கோப்பாக வந்திருந்தால், அந்தப் பொருத்தமின்மை எந்தச் செயலியின் சதவீதத்தையும்விடக் கனமானது. ‘போன் பண்ணாத’ என்ற சொல்லும் அப்படித்தான். சரிபார்க்கும் நேரான வழியை அந்தச் செய்தியே அடைக்கிறது.

கணக்காளர் செய்யவேண்டியது, தன்னிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணில் முதலாளியை அழைப்பது. எடுக்கவில்லை என்றால் வீட்டு எண், இல்லையென்றால் மேலாளர். எடுத்தவரிடம், “சார், காலையில வே பிரிட்ஜ்ல அந்த லாரி எவ்ளோ எடை காட்டுச்சு?” என்று இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்பது. குரல் நிறத்தைத் திருடியவரிடம் அந்தச் சீட்டு இருக்காது.

பணம் போய்விட்டிருந்தால் நேரம் முக்கியம்: 1930-ஐ அழைக்க வேண்டும், `cybercrime.gov.in`-இல் புகாரைப் பதிய வேண்டும். அந்தச் செய்தியைத் திரும்ப ஓடவிட்டு இன்னொரு கைப்பேசியில் பதிந்து உறவினர் குழுவில் போடுவதுதான் பலர் முதலில் செய்வது. அமைச்சரின் முதல் பதிவைப்போல் ஒரு கோப்பைச் சோதிக்க முடியாமல் செய்யும் தேய்மானம் அப்படித்தான் தொடங்குகிறது. உரையாடலை அழிக்காமல், அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, மூலக் கோப்பை அதே கைப்பேசியில் விட்டுவைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். கணக்காளரின் கைப்பேசியில் `.opus` என்று முடியும் அந்த 19 விநாடிக் கோப்புதான், தடயவியல் ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேரவேண்டியது.