ஒரு மாத்திரை தொண்டைக்குத் திரும்பும்போது

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் விழுங்கும்போது இந்த மாத்திரையின் பெயர் கார்பிமசோல். குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் உடைந்து மெத்திமசோல் ஆகிவிடும். 10 மில்லிகிராம் மாத்திரை ஏறக்குறைய 6 மில்லிகிராம் மெத்திமசோலைத் தரும். வேலை செய்வது அதுதான்.

அது தைராய்டுக்குள் போய்த் தங்கி, ஹார்மோன் தயாராகத் தேவையான அயோடினைப் புரதத்தோடு இணைக்கும் நொதியை முடக்குகிறது. ஆனால் சுரப்பி ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் ஹார்மோனை அது தொடுவதில்லை. அந்த இருப்பு தீரும்வரை படபடப்பும் கைநடுக்கமும் தொடரும். உடம்பு தேற நான்கு முதல் எட்டு வாரம் ஆவது இதனால்தான்.

ஆபத்து பெரும்பாலும் தலைகாட்டுவதும் முதல் மூன்று மாதத்துக்குள்தான். ஆயிரம் பேரில் சிலருக்கு, உடல் தன் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களையே எதிரியாக எண்ணி அழிக்கத் தொடங்குகிறது. ரத்தத்தில் இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. எனவே எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே அழிந்து வரத்து நின்றால் சில நாளிலேயே எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போகும். வாயிலும் தொண்டையிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளை அடக்கி வைப்பவை இவைதான். அதனால் முதலில் தொண்டை புண்ணாகிறது. சீழ் உண்டாக்கும் அணுக்களே இல்லாததால் சீழும் இருக்காது. பார்ப்பவருக்குச் சாதாரணத் தொண்டை வலியாகவே தோன்றும்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 34, தினமும் 30 மில்லிகிராம், ஆறாவது வாரம். படபடப்பு அடங்கிவிட்டது. வியாழக்கிழமை இரவு தொண்டை வலி, காய்ச்சல் 102. "உப்புத் தண்ணியில கொப்பளிம்மா, சரியாப் போயிடும்" என்கிறார் மாமியார். மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தது வேறு: மாத்திரையை நிறுத்து, அன்றே ரத்தம் பார். இரவிலேயே மருத்துவமனைக்குப் போனார்கள். மொத்த வெள்ளணுக்கள் 1,800, அதில் நியூட்ரோஃபில் 5 சதவீதம், அதாவது 90. ஐந்நூறுக்குக் கீழே போனாலே உயிருக்கு ஆபத்து.

இரண்டு வாரம் முன்பு பார்த்த எண்ணிக்கை சரியாகவே இருந்தது. சரிவு திடீரென வருவதால், மாதாந்திரப் பரிசோதனையை நம்பி இருக்க முடியாது. அறிகுறி தோன்றிய அன்றே பார்ப்பதுதான் உதவும். பெரும்பாலோருக்கு முடிவு சரியாகவே வரும். மருத்துவர் சொன்னதும் மாத்திரையைத் தொடரலாம்.

இவருக்கு அது நடக்கவில்லை. உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், கூடவே வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஊசி. ஒன்பதாம் நாள் நியூட்ரோஃபில் 1,500 தாண்டியது. தைராய்டுக்கு இனி கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோதான். இதே குடும்பத்தின் இன்னொரு மருந்தான புரொபைல்தயோயூராசிலும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால், அவரது கோப்பின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்களும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதப்பட்டன: "ஒருபோதும் தரக்கூடாது."