வீட்டுக்கடன் ஏலம்: உங்களுக்குக் கடைசி நாள் எது?

இஎம்ஐ 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் அவகாசத்துடன் வங்கி நோட்டீஸ் அனுப்பும். ஜூன் 1-ல் கைக்கு வந்தால், ஜூலை 31 வரை நேரம். கணக்கில் தப்பு இருக்கா? எழுத்தில் ஆட்சேபம் கொடுங்க. 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் தரணும்.

அதன்பிறகும் கட்டாவிட்டால், வீட்டை வங்கி சுவாதீனம் எடுக்கும். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஏலத்தன்று காலையில்கூட பணம் கட்டி மீட்டுடலாம்னு நினைக்காதீங்க. 2016 திருத்தப்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழு நிலுவையையும் செலவுகளையும் செலுத்தணும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது.